மனித ஆட்டம் ஒன்றுகூடப் பார்க்காமல்: ஆல்ஃபாகோ ஜீரோ கோ கற்ற விதம்

கோ என்பது கற்களை வைத்து எதிராளியைச் சூழ்ந்து இடம் பிடிக்கும் பலகை ஆட்டம். 2016 மார்ச்சில் சியோலில் தென்கொரியாவின் முன்னணி கோ ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்று வென்ற ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல், மனிதர்களிடம் பாடம் கேட்டுத்தான் வளர்ந்தது. கேஜிஎஸ் என்ற இணையக் களத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் ஆடிய சுமார் 1,60,000 ஆட்டங்களிலிருந்து ஏறக்குறைய 3 கோடி பலகை நிலைகளை எடுத்து, "இந்த இடத்தில் மனிதர் எங்கே கல் வைத்திருப்பார்?" என்று கணிக்க அதன் நரம்பு வலையமைப்பைப் பழக்கினார்கள். தன்னோடு தானே ஆடியது அதற்கு மேல் போட்ட மெருகுதான்.

2017 அக்டோபரில் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்ஃபாகோ ஜீரோ அந்த அடித்தளத்தையே எடுத்துவிட்டது. கண்டபடி கல் வைப்பதில் தொடங்கி, 3 நாளில் 49 லட்சம் ஆட்டங்களைத் தன்னோடு தானே ஆடி, லீ செடோலை வென்ற பதிப்பை 100-0 என்று தோற்கடித்தது. பழையது பல கணினிகளில் பரவி, நரம்பு வலையமைப்புகளுக்கென்றே கூகுள் செய்த 48 டிபியூ சில்லுகளில் ஓடியது. புதியதற்கு 4 சில்லுகள் கொண்ட ஒரே கணினி போதுமாக இருந்தது.

இதைச் சொல்லும்போது பலரும் "தன்னோடு தானே ஆடி ஆடித் தேறிவிட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதி விளக்கம்கூட இல்லை. ஒன்றும் தெரியாத இருவர் லட்சம் ஆட்டம் ஆடினாலும், ஒருவர் தப்பை மற்றவர் பழகிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும். இங்கே அப்படி ஆகாமல் தடுத்தது எது, அந்தத் தடுப்பு எங்கே ஓட்டையானது என்பதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கப் போகிறோம்.

"ஜீரோ" என்றால் எவ்வளவு ஜீரோ?

முதலில் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்வோம். மனித ஆட்டம் எதுவும் கொடுக்கப்படவில்லை. கோவுக்கென்று மனிதர் கண்டுபிடித்த உத்திகளும் கொடுக்கப்படவில்லை. ஆனால் விதிகள் முழுதும் கொடுக்கப்பட்டன: எந்த இடத்தில் கல் வைக்கலாம், எப்போது ஆட்டம் முடியும், வெற்றியை எப்படி எண்ணுவது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பலகை 19×19 கட்டம் என்பது வலையமைப்பின் வடிவத்திலேயே இருந்தது. பலகையைச் சுழற்றினாலும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பினாலும் ஆட்டம் மாறாது என்பதையும் பயன்படுத்தினார்கள். அதனால் ஒவ்வொரு நிலைக்கும் 8 வடிவங்கள் கிடைக்கும்.

வலையமைப்புக்கு உள்ளே போவது 17 அடுக்கு 19×19 கட்டங்கள். தன் கற்கள் கடைசி 8 நிலைகளில் எங்கே இருந்தன என்பதற்கு 8 அடுக்கு, எதிராளியின் கற்களுக்கு 8, இப்போது ஆடுவது கறுப்பா வெள்ளையா என்பதற்கு ஒன்று. பழைய நிலைகளும் தேவைப்படுவதற்குக் காரணம், கோ ஆட்டத்தில் முன்பிருந்த பலகை நிலையைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்ற விதி உண்டு. தற்போதைய பலகையை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

வெளியே வருவது இரண்டு. ஒவ்வொரு இடத்திலும் கல் வைக்கலாமா என்பதற்கான நிகழ்தகவுகள் ஒன்று. இதை p என்போம். இப்போது ஆடுபவர் வெல்வாரா தோற்பாரா என்பதற்கு −1 முதல் +1 வரையிலான ஒரே எண் மற்றொன்று, இது v. பழைய ஆல்ஃபாகோவில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி வலையமைப்புகள் இருந்தன. இங்கே ஒரே உடம்பு, இரண்டு வாய்.

ஆசிரியர் யார்?

மனித ஆட்டம் இல்லை என்றால், "சரியான விடை இது" என்று யார் சொல்வது? விடையைச் சொல்வது தேடல்தான். மான்டி கார்லோ மரத்தேடல் என்ற முறையில், ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் நிரல் 1,600 முறை "இப்படி வைத்தால் அவர் அப்படி வைப்பார்" என்று மனதுக்குள் ஆடிப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் எந்தக் கிளையில் இறங்குவது என்பதை இந்தச் சூத்திரம் முடிவு செய்கிறது:

```
score = Q + c * P * sqrt(N) / (1 + n)
```

Q என்பது அந்தக் கிளையில் இதுவரை கிடைத்த சராசரி மதிப்பு. P என்பது வலையமைப்பு அந்த நகர்வுக்கு முன்கூட்டியே கொடுத்த நிகழ்தகவு. N மொத்த வருகைகள், n அந்தக் கிளைக்கான வருகைகள். புதிய கிளைகளை எவ்வளவு ஆர்வமாகத் தேடுவது என்பதை முடிவு செய்யும் மாறிலி c. நல்லதென்று தெரிந்த கிளையும், வலையமைப்புக்குப் பிடித்தும் இன்னும் போய்ப் பார்க்காத கிளையும் மேலே வரும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். மூன்றே நகர்வுகள் உள்ள ஒரு நிலையைக் கற்பனை செய்வோம். வலையமைப்பு அ-வுக்கு 0.60, ஆ-வுக்கு 0.30, இ-க்கு 0.10 கொடுக்கிறது. c-ஐ 1 என்று வைத்துக்கொள்வோம். 100 முறை தேடியதில் அ-வுக்கு 70, ஆ-வுக்கு 25, இ-க்கு 5 வருகைகள். அ முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆழமாக இறங்கியதும் எதிராளிக்கு ஒரு நல்ல பதில் இருப்பது தெரிந்து, அதன் சராசரி −0.10-க்கு இறங்கிவிட்டது. ஆ-வின் சராசரி 0.15, இ-க்கு 0.

இப்போது கணக்கு: அ-வுக்கு −0.10 + 0.60×10/71, அதாவது சுமார் −0.02. ஆ-வுக்கு 0.15 + 0.30×10/26, சுமார் 0.27. இ-க்கு 0 + 0.10×10/6, சுமார் 0.17. அடுத்த வருகை ஆ-வுக்குப் போகிறது. இப்படியே 1,600 வரை ஓடவிட்டு, ஆ-வின் சராசரி 0.20-ல் நின்றது என்று வைத்தால், வருகைகள் ஏறக்குறைய இப்படிப் பிரியும்: அ 77, ஆ 1,505, இ 18.

வலையமைப்பு அ-வை 60 சதவீதம் நம்பியது. தேடி முடித்தபோது அ-வுக்கு மிஞ்சியது 5 சதவீதம். ஆ-வுக்கு 94 சதவீதம். இந்த வருகை விகிதம்தான் பாடம். "அடுத்த தடவை இந்த நிலையைப் பார்த்தால், தேடாமலேயே 5, 94, 1 என்று சொல்லப் பழகு" என்று வலையமைப்பிடம் சொல்கிறோம். அது பழகிய பிறகு, அடுத்த தேடல் இன்னும் நல்ல இடத்திலிருந்து தொடங்கும். அதன் விடை இன்னும் மேலே இருக்கும். ஆசிரியர் மாணவனைவிட எப்போதும் ஒரு படி மேலே நிற்கிறார். மாணவன் ஏற ஏற, ஆசிரியரும் ஏறுகிறார்.

v-க்கான பாடம் இதைவிட எளிது. ஆட்டம் முடிந்ததும் வென்றவர் ஆடிய நிலைகளுக்கெல்லாம் +1, தோற்றவர் ஆடியவற்றுக்கு −1. இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்குக் கொடுக்கும், கோமி எனப்படும் ஈட்டுப்புள்ளி 7.5 என்பதால் சமன் என்ற பேச்சே இல்லை. தேடலை மட்டும் நம்பினால் நிரல் தனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். யார் வென்றார் என்ற இந்த முடிவு மட்டும்தான் வெளியிலிருந்து, விதியிலிருந்து வரும் உண்மை. அதனால்தான் விதி தெளிவாக இருக்கும் ஆட்டங்களில் இந்த முறை இவ்வளவு தூரம் வந்தது.

தேடலின் பங்கு எவ்வளவு என்பதை ஆய்வுக்குழுவே அளந்திருக்கிறது. 40 நாள் பழக்கிய பெரிய பதிப்புக்குத் தேடலோடு, ஆட்ட வலிமையை அளக்கும் எலோ புள்ளிகள் 5,185. அதே வலையமைப்பைத் தேடாமல், முதல் எண்ணத்திலேயே கல் வைக்கச் சொன்னால் 3,055. லீ செடோலை வென்ற பதிப்பு 3,739.

ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடாமல் இருக்க

ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ 1990-களின் தொடக்கத்தில் செய்த டிடி-காமன், பாக்காமன் ஆட்டத்தைத் தன்னோடு தானே ஆடிக் கற்று உலகத் தரத்துக்கு அருகே வந்தது. அப்போதே பலர் அதே முறையைச் சதுரங்கத்திலும் கோ ஆட்டத்திலும் போட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பாக்காமனில் பகடை இருக்கிறது. நிரல் எவ்வளவு பிடிவாதம் பிடித்தாலும் பகடை அதைப் புதிய நிலைகளுக்கு இழுத்துக்கொண்டு போகும். கோ ஆட்டத்தில் அந்த இழுப்பு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மூளை என்பதால், அதற்குப் பிடித்த வழியிலேயே ஆட்டம் ஓடும்.

ஆல்ஃபாகோ ஜீரோவில் இதற்கு இரண்டு ஏற்பாடுகள். முதல் 30 நகர்வுகளில் அதிக வருகை பெற்ற இடத்தையே எடுக்காமல், வருகை விகிதப்படி குலுக்கல் போட்டு எடுக்கும். மேலே சொன்ன நிலையில் நூற்றுக்கு ஐந்து முறை அ-வும் ஆடப்படும். 30-க்குப் பிறகு சிறந்ததை மட்டுமே ஆடும்.

இரண்டாவது ஏற்பாடு இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு தேடலின் வேர்நிலையிலும் வலையமைப்பின் நிகழ்தகவுகளில் 75 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, 25 சதவீதத்துக்கு டிரிஷ்லே இரைச்சல் எனப்படும் தற்செயல் எண்களைக் கலக்கிறார்கள். அதன் α அளவு 0.03. இவ்வளவு சிறிய α கொடுத்தால் இரைச்சல் எல்லா இடத்திலும் மெல்லிதாகத் தூவப்படாது. ஓரிரு இடங்களில் மொத்தமாக விழும். வலையமைப்பு 0.001 மட்டுமே கொடுத்து ஒதுக்கிய ஒரு நகர்வின்மேல் இரைச்சலில் 0.4 விழுந்தால், அதன் நிகழ்தகவு 0.75×0.001 + 0.25×0.4, அதாவது 0.10 ஆகிவிடும். தேடல் அங்கே போய்ப் பார்க்காமல் இருக்காது. மோசமான நகர்வு என்றால் சில வருகைகளிலேயே தெரிந்துவிடும், பெரிய நஷ்டம் இல்லை. நல்லது என்றால் வருகைகள் குவியும், பாடத்தில் ஏறும்.

இந்த 0.03-ஐ அப்படியே வேறு ஆட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது அடிக்கடி நடக்கும் தவறு. அடுத்து வந்த ஆல்ஃபாஜீரோவில் சதுரங்கத்துக்கு 0.3, ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்கு 0.15 என்று வைத்தார்கள். ஒரு நிலையில் செல்லுபடியாகும் நகர்வுகள் எத்தனை என்பதற்குத் தலைகீழாக அளவு போகிறது. ஏழே பத்திகளில் வட்டுகளைப் போட்டு நான்கை வரிசையாக்கும் கனெக்ட் ஃபோருக்கு 0.03 போட்டால் இரைச்சல் முழுதும் பெரும்பாலும் ஒரே பத்தியில் போய் விழும்.

ஓட்டத்தில் எது கெடும்

வேலை மூன்று பாகங்களாக ஒரே சமயத்தில் நடக்கிறது. ஒரு பக்கம் இதுவரையிலான சிறந்த வலையமைப்பு ஆட்டங்களை ஆடிக் குவிக்கிறது. இன்னொரு பக்கம் கடைசி 5,00,000 ஆட்டங்களிலிருந்து கலந்து எடுத்த 2,048 நிலைகளைக் கொண்ட தொகுதிகளால் பயிற்சி நடக்கிறது. மூன்றாவது பாகம் தேர்வு: ஒவ்வொரு 1,000 பயிற்சிப் படிக்கும் ஒரு புதிய பதிப்பு எடுக்கப்பட்டு, பழைய சிறந்ததோடு 400 ஆட்டம் ஆடுகிறது. 55 சதவீதத்துக்கு மேல் வென்றால்தான் அது நாற்காலியில் உட்காரும்.

55 ஏன்? சம பலம் உள்ள இருவர் 400 ஆட்டம் ஆடினால் 200 வெற்றி வரும், பத்து கூடக் குறைய இருக்கும். 220 என்பது அதிர்ஷ்டத்தில் எட்டுவதற்குக் கொஞ்சம் கடினமான தூரம். ஆல்ஃபாஜீரோ இந்தத் தேர்வையே கைவிட்டு, எப்போதும் புதிய வலையமைப்பாலேயே ஆடியது. அதுவும் வேலை செய்தது. ஆகவே தேர்வு கட்டாயமில்லை. ஆனால் சிறிய அளவில் முயல்பவர்களுக்கு அது நல்ல பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து: ஏதோ ஒன்று கெட்டால், தொடர்ந்து யாரும் தேர்வில் தேறாமல் நிற்பதே முதல் எச்சரிக்கை.

அதிகம் ஏமாற்றுவது v-தான். பழைய ஆல்ஃபாகோவிலேயே இது தெரிந்தது. மனித ஆட்டங்களின் எல்லா நிலைகளையும் போட்டுப் பழக்கியபோது, பார்த்த ஆட்டங்களில் பிழை 0.19, பார்க்காதவற்றில் 0.37. அடுத்தடுத்த நிலைகள் ஒரே ஒரு கல்லில்தான் வேறுபடும், முடிவோ ஒன்றே. ஆகவே வலையமைப்பு ஆட்டத்தை மதிப்பிடக் கற்காமல், "இது அந்த ஆட்டம்" என்று மனப்பாடம் செய்துகொண்டது. 3 கோடி தனித்தனி ஆட்டங்களைத் தன்னோடு தானே ஆடவைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு நிலையை எடுத்த பிறகு பிழைகள் 0.226, 0.234 என்று நெருங்கின. வீட்டில் சிறிதாகச் செய்பவர் ஆயிரம் ஆட்டங்களை வைத்துக்கொண்டு பத்துச் சுற்றுப் பயிற்சி ஓட்டினால் இதே பள்ளத்தில்தான் விழுவார். பிழை வரைபடம் அழகாக இறங்கும், ஆட்டம் முன்னேறாது.

தோல்வியை ஒப்புக்கொள்வதிலும் ஒரு பொறி உண்டு. v மிகவும் இறங்கினால் நிரல் விலகிக்கொள்ளும், நேரம் மிச்சம். ஆனால் v தப்பாக இருந்தால்? வெல்லக்கூடிய ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, "இந்த நிலை தோல்வி" என்று தன் தப்பையே பாடமாக எழுதிக்கொள்ளும். அதனால் 10 சதவீத ஆட்டங்களில் விலகவே விடாமல் கடைசி வரை ஆடவைத்தார்கள். விலகியிருக்க வேண்டியவர் உண்மையில் வென்ற ஆட்டங்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி வரம்பை நகர்த்திக்கொண்டே இருந்தார்கள்.

சொந்தமாக எழுதுபவர்கள் அதிகம் செய்யும் பிழை இது எதுவுமில்லை. ஒரு கழித்தல் குறி. தேடலின் அடியில் கிடைத்த மதிப்பை மேலே கொண்டுவரும்போது, ஒவ்வொரு படியிலும் ஆடுபவர் மாறுகிறார். உனக்கு +1 என்றால் எனக்கு −1.

```python
def backup(path, v):
    # v: கடைசி நிலையில் ஆட வேண்டியவரின் பார்வையில்
    for node in reversed(path):
        v = -v
        node.N += 1
        node.W += v
```

இங்கே ஒவ்வொரு கணுவின் W-வும், அந்த நிலைக்கு வரும்படி ஆடியவரின் பார்வையில் சேர்கிறது. `v = -v` வரி விடுபட்டால் நிரல் நிற்காது, பிழைச்செய்தி வராது, பயிற்சிப் பிழையும் இறங்கிக்கொண்டே போகும். ஆட்டம் மட்டும் தேறாது. பிடிக்கும் வழி எளிது: ஒரே நகர்வில் வெல்லக்கூடிய நிலையைக் கொடுங்கள். பழக்காத வலையமைப்போடு 200 முறை தேடவிடுங்கள். வெல்லும் நகர்வில் வருகைகள் குவியவில்லை என்றால், பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

இப்படி முயல்வதற்கு 6×7 கனெக்ட் ஃபோர் நல்ல ஆட்டம். 1988-லேயே முழுதும் தீர்க்கப்பட்டது: முதலில் ஆடுபவர் நடுப்பத்தியில் போட்டால் வெல்வார். உங்கள் நிரல் காலிப் பலகையில் நடுப்பத்தியை நம்பத் தொடங்குகிறதா, v மேலே ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தன் பழைய பதிப்பை வெல்வதை மட்டும் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கல், காகிதம், கத்தரி போல மூன்று பதிப்புகள் ஒன்றையொன்று வென்று வட்டமடிக்கலாம். மாறாத ஒரு எதிராளியைத் தனியே வைத்திருங்கள்.

என்ன கற்றது, எதைக் கடைசியில் கற்றது

மனித ஆட்டங்களால் பழக்கிய அதே அளவு வலையமைப்போடு இதை ஒப்பிட்டார்கள். மனிதர் எங்கே வைப்பார் என்று கணிப்பதில் மனிதப் பாடம் கற்றதே முன்னால் நின்றது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் தானாகக் கற்றது அதை ஆட்டத்தில் வென்றுவிட்டது. ஆட்டத்தின் முடிவைக் கணிப்பதிலும் முந்தியது. 36 மணி நேரத்தில் லீ செடோல் பதிப்பைத் தாண்டியது.

கற்ற வரிசைதான் விசித்திரம். மூலைகளில் மனிதர்கள் நூற்றாண்டுகளாகச் சேர்த்த தொடர்களைத் தானே கண்டுபிடித்தது, அவற்றில் சிலவற்றைப் பிறகு கைவிட்டது. ஆனால் எதிராளியின் கற்களைத் தப்பவிடாமல் துரத்திப் பிடிக்கும் ஏணி, கோ கற்கும் குழந்தைக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது, இதற்கு மிகத் தாமதமாகத்தான் வந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. ஏணியில் கற்கள் குறுக்காகப் படிப்படியாகப் பலகையின் மறுகோடி வரை ஓடும். கடைசியில் அங்கே யாருடைய கல் இருக்கிறது என்பதே விடை. மனிதர் கண்ணால் கோடு இழுத்துப் பார்த்துவிடுவார். வலையமைப்போ பக்கத்துக் கட்டங்களை அடுக்கடுக்காகச் சேர்த்துப் பார்ப்பது. தூரம் அதற்குச் செலவு.

பார்க்காத வடிவம்

இதே முறையைத் திறந்த மூலமாகக் கொண்டுவந்தவற்றில் இன்று வலிமையானது டேவிட் வூ உருவாக்கிய காட்டாகோ. 2022-23-ல் ஓர் ஆய்வுக்குழு, காட்டாகோவை வெல்வதையே குறியாக வைத்து ஒரு எதிர்நிரலைப் பழக்கியது. காட்டாகோவை மனிதரை மிஞ்சிய வலிமையில் தேடவிட்டும், 97 சதவீதத்துக்கு மேலான ஆட்டங்களில் எதிர்நிரலே வென்றது. அந்த எதிர்நிரல் நல்ல ஆட்டக்காரரும் இல்லை. சாதாரண அமெச்சூர் ஆட்டக்காரரிடம் தோற்கும்.

தந்திரம் இது. காட்டாகோவின் கற்களை ஒரு வளையமாக இணைய விடுவது. நடுவில் தன் சிறு கூட்டம் ஒன்று. பிறகு அந்த வளையத்தை வெளியிலிருந்து மெதுவாகச் சூழ்வது. வளையம் கிட்டத்தட்ட மூச்சடைத்து நிற்கும். ஆனால் காட்டாகோ கடைசி சில நகர்வுகள் வரை அது பத்திரமாக இருப்பதாகவே மதிப்பிட்டு, வேறெங்கோ ஆடிக்கொண்டிருக்கும். மனிதர்கள் இந்த உத்தியைப் படித்து, கணினி உதவியின்றியே செய்துகாட்டினார்கள்.

தேடல் ஆசிரியர் இங்கே ஏன் உதவவில்லை? தேடல் எந்தக் கிளையில் இறங்குவது என்பதை P-யும் v-யும்தான் சொல்கின்றன. வளையம் உயிரோடு இருக்கிறது என்று இரண்டும் உறுதியாகச் சொன்னால், அந்தப் பக்கம் வருகைகளே போகாது. கோடிக்கணக்கான ஆட்டங்களில் ஆடிய இருவருமே இப்படி ஒரு வளையத்தைக் கட்டவிட்டுச் சூழ நினைக்கவில்லை. அதனால் அதன் பாடம் எந்த ஆட்டத்திலும் பதிவாகவில்லை. இரைச்சல் ஒரு நகர்வைத்தான் புதிதாகக் காட்டும். ஐம்பது நகர்வு நீளமுள்ள திட்டத்தைக் காட்டாது.

காட்டாகோ குழு செய்த திருத்தம், பயிற்சி ஆட்டங்களில் ஒரு பங்கைக் காலிப் பலகையிலிருந்து தொடங்காமல் இத்தகைய வளைய நிலைகளிலிருந்து தொடங்குவது. நிலை அதிலிருந்து தேறியது. ஆனால் 2024-ல், அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் புதிய எதிர்நிரல்களைப் பழக்கி அதே வகை வளையங்களாலேயே வெல்ல முடிவதை ஆய்வாளர்கள் காட்டினார்கள்.